தீக்குத் தீட்டு உண்டா? பாரசீகப் பழைய சமயத்தில் நெருப்பும் உண்மையும்

செவ்வந்தி எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வி.

போன வருடம் ஈரானில் யஸ்த் நகருக்குப் போயிருந்தேன். அங்கே ஜரதுஷ்டிர சமயத்தவரின் தீக்கோயில் இருக்கிறது. கட்டடம் 1934-இல் கட்டியது. உள்ளே எரியும் தீயோ கி.பி. 470 முதல் அணையாமல் எரிகிறது என்பது அவர்கள் மரபு. வெளியாள்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். பெரிய வெண்கலக் கும்பா, அதன் வாயில் முழங்கால் உயரத்துக்குத் தீ. வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி, வாயையும் மூக்கையும் மூடிய வெள்ளைத் துணியோடு ஒரு பெரியவர் வந்தார். நீளமான இடுக்கியால் ஒரு கட்டையை எடுத்து மெதுவாக வைத்தார், போடவில்லை. தூங்குகிற குழந்தையின் தலைக்குக் கீழே தலையணையை நகர்த்துகிற மாதிரி இருந்தது.

வாயை ஏன் மூடியிருக்கிறார் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "மூச்சு பட்டால் தீ தீட்டாகிவிடும்" என்றார். அங்கேதான் எனக்குக் குழப்பம். தீ தூய்மையின் அடையாளம் என்கிறார்கள், சரி. அப்படியானால் எதைப் போட்டாலும் எரித்துத் தூய்மையாக்க வேண்டியதுதானே? மூச்சுக் காற்றுக்கே அழுக்காகிற ஒன்று எப்படித் தூய்மைக்கு அடையாளம் ஆகும்? இறந்தவரை எரிக்கவும் மாட்டார்களாம். தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

வேலன் எழுதியது:

இதில் பெரிய புதிர் ஒன்றும் இல்லை சகோதரி. நம் வேள்வித் தீதான் அது. அவர்களும் வேத காலத்து ஆரியர்களின் ஒரு கிளை. தீ எல்லா அழுக்கையும் எரிக்கும், பொய்யையும் எரிக்கும். சீதை தீயில் இறங்கித் தன் தூய்மையை நிரூபித்தாளே, அதே கருத்து. வாயை மூடுவதெல்லாம் பின்னாளில் பூசாரிகள் சேர்த்த ஆசாரமாக இருக்கும்.

பழஞ்சுவடி எழுதியது:

வேலன் தம்பி சொன்னதில் பாதி சரி. உறவு உண்மைதான். வேதத்தில் அதர்வன் என்ற பூசாரி உண்டு, அவர்களுடைய மறையான அவெஸ்தாவிலும் பூசாரியின் பெயர் ஆத்ரவன். அவர்கள் மொழியில் தீக்கு ஆதர். மற்றப் பாதியில் மாறுபடுகிறேன்.

வாய்த்துணி பின்னாள் சேர்ப்பு அல்ல. ஸ்ட்ராபோ என்ற கிரேக்கர் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய துருக்கியில் உள்ள கப்படோக்கியாவில் இந்தப் பூசாரிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கம்பளித் தொப்பியின் இருபக்கத் தொங்கல்களும் உதட்டை மூடும்படி இருக்குமாம். பட்டை உரித்த காய்ந்த விறகுதான் வைப்பார்கள், ஊத மாட்டார்கள், விசிறுவார்கள். தீயை வாயால் ஊதினாலோ, பிணத்தையோ சாணத்தையோ அதில் போட்டாலோ மரண தண்டனை என்கிறார். யஸ்தில் செவ்வந்தி பார்த்த வாய்த்துணிக்கு அவ்வளவு வயது.

செவ்வந்தி, உங்கள் கேள்வி சரியான முடிச்சில் கை வைத்திருக்கிறது. நமக்குத் தீ என்பது அழுக்கைத் தின்று தீர்க்கும் ஒன்று. குப்பையைக் கொளுத்துகிறோம், பழைய பாயைப் போகியில் எரிக்கிறோம், பிணத்தை எரிக்கிறோம். அதற்கு ஒட்டாது என்பது நம் எண்ணம். அவர்களுக்குத் தீ வேலைக்காரன் இல்லை, சாட்சி. சாட்சி முன் குப்பை கொட்ட மாட்டோம் அல்லவா?

மும்பையில் முப்பது வருடம் இருந்தேன். நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரம்மா பார்சி, ஈரானிலிருந்து இந்தியா வந்து குடியேறிய ஜரதுஷ்டிர சமயத்தவர் வழியில் வந்தவர். தீக்குச்சியைக்கூட ஊதி அணைக்க மாட்டார். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு கேக்கில் மெழுகுவர்த்தி வைத்தால் அது தானாக எரிந்து முடியும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஒருமுறை என் மகள் பக்கென்று ஊதிவிட்டாள். அந்த அம்மா கோபப்படவில்லை. "உன் முகத்தில் யாராவது எச்சில் துப்பினால் உனக்கு எப்படி இருக்கும் கண்ணே?" என்று கேட்டார், அவ்வளவுதான். என் மகளுக்கு இப்போது நாற்பது வயது. இன்னும் விளக்கை ஊத மாட்டாள்.

ராயபுரம் கடலோரம் எழுதியது:

எங்கள் ஏரியாவிலேயே ஒன்று இருக்கிறதே! ராயபுரத்தில் பார்சி கோயில். 1910-இல் கட்டியது, தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். சின்ன வயதில் அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவோம். உள்ளே விட மாட்டார்கள். உள்ளே என்னவோ ரகசியம் என்று பயந்துகொண்டு மதிலைத் தொட்டுவிட்டு ஓடுவோம். பெரியவர்கள் "அங்கே நெருப்புசாமி இருக்கு" என்பார்கள். அப்போ அவர்களுக்கு நெருப்புதான் சாமியா ஐயா?

பழஞ்சுவடி எழுதியது:

சாமி அஹுர மஸ்தா. தீ அவர் முன்னிலையில் தொழுகிறவர் முகம் திருப்பும் இடம். "நெருப்பை வணங்குகிறவர்கள்" என்பது பிறர் வைத்த பெயர், பல சமயம் ஏளனமாக வைத்தது. பாரசீகக் கவிஞர் ஃபிர்தௌசி முஸ்லிம். அவரே பழைய அரசர்களைப் பாடும் தன் காவியமான ஷாநாமாவில், அவர்களை நெருப்பு வணங்கிகள் என்று எண்ணாதே, அந்தக் காலத்தில் நெருப்புதான் தொழுகை மாடம் என்று எழுதினார். மசூதியில் தொழும் திசையைக் காட்டும் மாடத்துக்குள்ள அதே சொல்லைத்தான் தீக்கும் போட்டிருக்கிறார்.

ஆனால் வெறும் திசைகாட்டி என்றும் ஒதுக்க முடியாது. வழிபாட்டில் தீயை அஹுர மஸ்தாவின் மகன் என்றே விளிப்பார்கள், நேரடியாகப் பேசுவார்கள். கும்பிடுவதா மதிப்பதா என்ற கோட்டைப் பார்சிகளே ஆளுக்கொரு இடத்தில் போடுகிறார்கள். நான் போட விரும்பவில்லை.

சொல்தேடி எழுதியது:

இந்த இழையில் சொல் பக்கமிருந்து ஒன்று சேர்க்கிறேன். எனக்கு இது பெரிய மகிழ்ச்சி தந்த கண்டுபிடிப்பு. மொழியியலாருக்குப் பழைய செய்திதான்.

தமிழில் தீ என்றால் நெருப்பு, தீய என்றால் கெட்ட. தீமை, தீயவன், தீவினை எல்லாம் ஒரே ஓசையில் நிற்கின்றன. நம் காதுக்கு நெருப்பும் கேடும் பக்கத்து வீட்டுக்காரர்கள். பாரசீகச் சமயத்தில் நேர் எதிர். தீ நிற்கும் பக்கம் அஷா, அதாவது உண்மை, ஒழுங்கு, உலகம் சரியாக நடக்கும் முறை. வேதத்தில் ருதம் என்பது இதே சொல். அஷாவுக்கு எதிரி த்ருஜ், பொய். இந்த த்ருஜ் நம்மிடமும் இருக்கிறது. வடமொழியில் த்ருஹ், த்ரோஹம். தமிழில் துரோகம்! டேரியஸ் மன்னர் பழைய பாரசீகத்தில் த்ரௌக என்று எழுதினார். இன்றைய பாரசீகத்தில் பொய்க்கு தொரூக். நாம் ஒருவனைத் துரோகி என்று திட்டும்போது அந்தச் சமயத்தின் முதல்வர் ஜரதுஷ்டிரர் திட்டிய அதே வேர்ச்சொல்லால்தான் திட்டுகிறோம்.

இன்னொன்று. லஞ்சம் வாங்காத அதிகாரியை நாம் என்ன சொல்வோம்? "அவர் நெருப்பு மாதிரி, கிட்டே போக முடியாது." அந்த ஒரு வழக்கில் மட்டும் நாமும் பாரசீகர்களோடு சேர்ந்துவிடுகிறோம்.

செவ்வந்தி எழுதியது:

துரோகம்! இதை இனி மறக்க மாட்டேன். ஆனால் ஒரு இடத்தில் தொங்கி நிற்கிறேன். தீ உண்மையின் பக்கம் என்கிறீர்கள். தீ தூய்மையானது, தீட்டுப்படக்கூடாது என்பது இன்னொன்று. இரண்டும் எங்கே சேர்கின்றன? பொய் சொல்வதற்கும் பிணம் தொடுவதற்கும் என்ன சம்பந்தம்?

பழஞ்சுவடி எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இரண்டுக்கும் பெயரே ஒன்று.

வெந்திதாத் என்ற நூல் தீட்டு விதிகளைச் சொல்வது. ஒருவர் இறந்ததும் வடக்கிலிருந்து ஒரு பேய் ஈ வடிவில் வந்து உடலில் உட்காருகிறது என்கிறது. அதன் பெயர் த்ருஜ் நஸு. நஸு என்றால் பிணம். முன்னால் நிற்பது சொல்தேடி சொன்ன அதே த்ருஜ். அவர்கள் கணக்கில் சாவு அஹுர மஸ்தா படைத்தது இல்லை. எதிரியான அங்ர மைன்யு உலகத்துக்குள் கொண்டுவந்து நுழைத்தது. உலகத்தின்மேல் ஏவப்பட்ட ஒரு பொய் மாதிரி. அழுகல், சீழ், நோய், பொய்ச் சத்தியம், ஏமாற்று எல்லாம் த்ருஜின் கைகள்.

மறுபக்கம் பாருங்கள். அஹுர மஸ்தாவுக்குத் துணையான ஆறு பெரிய ஆற்றல்கள் உண்டு. படைப்பில் ஆளுக்கொன்றைக் காக்கிறார்கள். கால்நடையை ஒருவர், உலோகத்தை ஒருவர், நிலத்தை ஒருவர், நீரை, செடிகொடியை இன்னும் இருவர். தீயைக் காப்பவர் யார்? அஷா வஹிஷ்தா. "மிகச் சிறந்த உண்மை" என்றே பெயர். ஆகவே பிணத்தைத் தீயில் இடுவது அழுக்கை அழிப்பது ஆகாது. பொய்யைக் கொண்டுபோய் உண்மையின் வாயில் திணிப்பது. நாக்கைப் பொய்யிலிருந்து காப்பதும் அடுப்பைப் பிணத்திலிருந்து காப்பதும் அவர்களுக்கு ஒரே போரின் இரண்டு முனைகள்.

கோயிலில் இதைக் காதாலேயே கேட்கலாம். தீக்கு ஒரு நாளில் ஐந்து வேளை விறகு வைத்து ஓதுவார்கள். ஓதும்போது கெட்ட எண்ணம், கெட்ட சொல், கெட்ட செயல் என்ற மூன்று சொற்கள் வரும் இடத்தில் பூசாரி மணியை அடிப்பார். அவற்றை விரட்டும் ஒலி. நான் வெளியே நின்று கேட்டிருக்கிறேன். நடுவில் தீ, அதைச் சுற்றிலும் பொய் விரட்டப்படுகிறது.

கும்பகோணம் ஆசாரி எழுதியது:

நான் பொன் வேலை செய்பவன், நாலு தலைமுறையாக. படிப்பு பெரிதாக இல்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தீ அழுக்கை எடுக்காது என்று பெரியவர் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் பிழைப்பே அதுதானே. பழைய நகை வரும், செம்பும் பொடியும் கலந்திருக்கும். குகை என்கிற உருக்கும் கிண்ணத்தில் வைத்து வெண்காரம் தூவி உருக்கினால் கசடு மேலே மிதக்கும், பொன் அடியில் நிற்கும். அந்த நேரத்தில் பொன்னின் முகத்தைப் பார்க்க வேண்டும், குழந்தை கண் திறந்த மாதிரி இருக்கும். தீ சுத்தம் செய்யவில்லை என்றால் அது என்ன?

பழஞ்சுவடி எழுதியது:

ஆசாரியாரே, நீங்கள் சொன்னது என் பேச்சுக்கு எதிர் இல்லை, அடுத்த படி. உங்கள் குகையில் தீ என்ன செய்தது? பொன்னையும் கசடையும் பிரித்துக் காட்டியது. இது பொன், இது கசடு என்று சொல்லிவிட்டது. ஜரதுஷ்டிரரின் பாடல்களான காதாக்களில் தீயின் வேலை இதுதான். அவை அடங்கிய யஸ்னா என்ற வழிபாட்டு நூலின் 51-ஆம் பகுதியில் சிவந்த தீயும் உருகிய உலோகமும் கொண்டு இரு தரப்புக்கும் தீர்ப்பு வருகிறது, பொய்யனுக்குக் கேடு, உண்மையாளனுக்கு நன்மை. யஸ்னா 34-இல், உன் தீ அஷாவால் வலிமை பெற்றது, ஆதரிப்பவனுக்குக் கண்கூடான துணை, பகைவனுக்குக் கண்கூடான தீங்கு என்கிறார். கழுவுகிற தீ அங்கே இல்லை. பிரித்து அறிகிற தீ.

உலக முடிவைப் பற்றிய பிற்கால நூல் ஒன்றில், இடைக்காலப் பாரசீகமான பஹ்லவி மொழியில் எழுதியது, உங்கள் குகை உலகம் முழுவதற்கும் பெரிதாகிவிடும். மலைகளின் உலோகம் உருகி ஆறாக ஓடும். இறந்து எழுந்தவர்கள் எல்லோரும் அதற்குள் நடக்க வேண்டும். நல்லவனுக்கு அது வெதுவெதுப்பான பாலில் நடப்பது போல இருக்கும். பொய்யனுக்கு அது உருகிய உலோகமாகவே இருக்கும். ஒரே ஆறுதான்.

இதில் உங்கள் கட்சிக்கும் ஒரு வாக்கு விழுகிறது, மறைக்க மாட்டேன். அந்த ஆற்றில் நடந்த பிறகு பொய்யர்களும் தூய்மையாகிவிடுகிறார்கள் என்றுதான் அந்த நூல் முடிகிறது. கடைசி நாளில் பிரிப்பதும் சுத்தம் செய்வதும் ஒன்றாகிவிடுகின்றன. அதுவரை தீயிடம் அந்த வேலையைக் கொடுக்கக்கூடாது.

வேலன் எழுதியது:

அப்போது சீதையின் கதையும் சுத்தம் செய்வது இல்லையே ஐயா. அவள் தூய்மையாகத்தான் இறங்கினாள். தீ அதைச் சொன்னது. நம் கல்யாணத்தில் அக்னி சாட்சி என்கிறோமே, அதுவும் சாட்சிதானே. நான் முதலில் இரண்டையும் குழப்பிவிட்டேன் போல.

பழஞ்சுவடி எழுதியது:

மிகச் சரி. இப்போது நீங்கள் முதலில் சொன்னதைவிட நல்ல உறவைப் பிடித்துவிட்டீர்கள். ஈரானிலும் ஒரு தீக்குளித்தவர் உண்டு. ஷாநாமாவில் வரும் இளவரசன் சியாவுஷ். சிற்றன்னை சூதாபே தகாத ஆசை வைத்தாள், அவன் மறுத்தான், அவள் பழி போட்டாள். அரசன் கய் காவுஸுக்கு யார் சொல்வது உண்மை என்று தெரியவில்லை. மலை மாதிரி இரண்டு விறகுக் குவியல், நடுவில் குதிரை போகும் சந்து. சியாவுஷ் வெள்ளை உடுத்தி, கற்பூரம் தூவிக்கொண்டு கறுப்புக் குதிரையில் நுழைந்தான், கறுகாமல் வந்தான். கற்பூரம் பிணத்துக்குத் தூவுவது. சாவுக்குத் தயாராகத்தான் போனான்.

நிதானம் எழுதியது:

கதை சரி. நிஜத்தில் யாராவது செய்தார்களா? உருகிய உலோகம் மனித உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இதை நம்பச் சொல்கிறீர்களா?

பழஞ்சுவடி எழுதியது:

நம்பச் சொல்லவில்லை. மரபு சொல்வதைச் சொல்கிறேன். நான்காம் நூற்றாண்டில் பாரசீக அரசர் இரண்டாம் ஷாபூர் காலத்தில் ஆதுர்பாத் என்ற தலைமைப் பூசாரி, தன் சமய விளக்கம்தான் சரி என்று காட்ட மார்பில் உருகிய உலோகத்தை ஊற்றிக்கொண்டு காயமின்றி நின்றார் என்று பஹ்லவி நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அன்று என்ன நடந்தது என்பதை அவற்றை வைத்து முடிவு செய்ய இயலாது. காதாக்களில் வரும் உலோகமும் நிஜச் சோதனையா, கவிஞரின் உருவகமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

ஆனால் சத்தியச் சோதனை என்ற வழக்கம் இருந்ததற்கு அழியாத தடம் ஒன்று மொழியில் கிடக்கிறது. சொல்தேடி சொன்னால் நன்றாக இருக்கும்.

சொல்தேடி எழுதியது:

சௌகந்தைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இன்றைய பாரசீகத்தில் சத்தியம் செய்வதற்கு "சௌகந்த் ஹோர்தன்" என்பார்கள். அப்படியே பார்த்தால் "சௌகந்த் தின்பது, குடிப்பது". சத்தியத்தை எப்படிக் குடிப்பது? அவெஸ்தாவில் சௌகெந்த என்பது கந்தகம் தொடர்பான சொல். வழக்கில் சத்தியம் செய்பவன் கந்தகம் கலந்த நீரைக் குடிக்க வேண்டும். எரிகிற பொருளைக் கரைத்த நீர். பொய்யன் என்றால் அது காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பிக்கை. அந்த வழக்கம் போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. தெஹ்ரானில் இன்று நீதிமன்றத்தில் நிற்பவரும் சத்தியத்தைக் "குடிக்கத்தான்" செய்கிறார்.

டேரியஸ் பற்றியும் ஒரு வரி. பெஹிஸ்தூன் பாறையில் அவர் வெட்டிய கல்வெட்டு முழுக்கப் பொய்யைப் பற்றிய புலம்பல். நாட்டில் த்ரௌக பெருகியது, எனக்குப் பின் அரசனாக வருபவனே, பொய்யிடமிருந்து உன்னைக் காத்துக்கொள் என்கிறார். கலகம் செய்த ஒவ்வொருவனையும் "இவன் பொய் சொன்னான்" என்றே அறிமுகம் செய்கிறார். அந்தக் கல்வெட்டில் தீ இல்லை. நக்ஷ்-இ-ருஸ்தமில் அவருடைய கல்லறை முகப்பைப் பாருங்கள். வில்லை ஊன்றியபடி அரசர் நிற்கிறார், எதிரே ஒரு மேடையில் தீ எரிகிறது. உயிரோடு இருந்தவரை பொய்யைப் பற்றிப் பேசியவர், இறந்தபின் தீயின் முன் நிற்கும்படி தன்னைச் செதுக்க வைத்திருக்கிறார்.

பாலைவனத் தமிழன் எழுதியது:

நான் துபாயில் வேலை செய்கிறேன். என் அறையில் ஈரான்காரர் ஒருவர் இருந்தார். அவர்கள் புத்தாண்டுக்கு முந்தின செவ்வாய் இரவு தெருவில் தீ மூட்டித் தாண்டுவார்கள். வாட்ஸப்பில் வீடியோ காட்டினார். தாண்டும்போது ஒரு வரி சொல்வார்களாம்: "என் மஞ்சள் உனக்கு, உன் சிவப்பு எனக்கு." அதாவது என் நோயும் சோகையும் உன்னிடம் போகட்டும், உன் செழுமை எனக்கு வரட்டும் என்று. இதுதானே ஜரதுஷ்டிரர் சமயத்துத் தீ வழிபாடு? இங்கே தீ அழுக்கை வாங்கிக்கொள்கிறதே?

பழஞ்சுவடி எழுதியது:

அருமையான எடுத்துக்காட்டு, ஆனால் திசை மாறி நிற்கிறது. உங்கள் நண்பர் காட்டியது சஹர்ஷன்பே சூரி. ஈரான் மக்கள் எல்லோருக்கும் பொதுவான விழா. ஜரதுஷ்டிர விதிப்படி யோசித்துப் பாருங்கள். என் நோயை நீ வாங்கிக்கொள் என்று தீயிடம் சொல்வது, அதைக் காலுக்குக் கீழே வைத்துத் தாண்டுவது, இரண்டுமே அந்த விதிகளுக்கு ஆகாதவை. அதனால் இது அந்தச் சமயத்திலிருந்து வந்தது இல்லை என்பவர்கள் உண்டு. ஆண்டு இறுதியில் முன்னோர் ஆவிகளை வரவேற்க வீட்டுக் கூரையில் தீ மூட்டிய பழைய வழக்கத்தின் மிச்சம் என்பவர்களும் உண்டு. எனக்கு முதல் கட்சிதான் பிடிக்கிறது. ஆனால் தீர்ந்த வழக்கு இல்லை.

செவ்வந்தி எழுதியது:

நிறையத் தெளிந்துவிட்டது. ஒன்று மட்டும். தீட்டுப்பட்ட தீயை என்ன செய்வார்கள்? ஊரில் பிணம் எரிப்பவர்கள் இருக்கிறார்கள், செங்கல் சூளை இருக்கிறது, கொல்லன் உலை இருக்கிறது. அந்தத் தீயெல்லாம் கைவிடப்பட்டதுதானா?

பழஞ்சுவடி எழுதியது:

கைவிட மாட்டார்கள், மீட்பார்கள். இந்தச் சமயத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தீக்கோயில்களில் மிக உயர்ந்த படிநிலைக்கு ஆத்தஷ் பெஹ்ராம் என்று பெயர். உலகத்திலேயே ஒன்பதுதான். நீங்கள் பார்த்த யஸ்த் ஒன்று, மற்ற எட்டும் இந்தியாவில்: மும்பையில் நான்கு, சூரத்தில் இரண்டு, நவசாரியில் ஒன்று, உத்வாடாவில் ஒன்று. உத்வாடாவில் உள்ளதை இரான்ஷா, ஈரானின் அரசர் என்பார்கள். சஞ்சானில் ஏற்றப்பட்டு, ஆபத்து வந்தபோது பஹ்ரோட் மலைக்குகையில் ஒளிந்து, ஊர் ஊராக மாறி, 1742-இல் உத்வாடா வந்து சேர்ந்தது.

அப்படி ஒரு தீயைப் புதிதாக நிறுவ வேண்டுமானால் சந்தனக் கட்டையில் தீக்குச்சி கிழித்தால் போதாது. பதினாறு வகைத் தீயைத் தேடிச் சேர்க்க வேண்டும். குயவர் சூளை, செங்கல் சூளை, பொற்கொல்லர் உலை, நாணயச் சாலை, கருமான் உலை, ஆயுதம் செய்பவர், சாயம் போடுபவர், ரொட்டி சுடுபவர், சாராயம் காய்ச்சுபவர், இடையர் மூட்டிய தீ, அரசர் வீட்டுத் தீ, மின்னல் விழுந்து பற்றிய தீ, இப்படிப் போகிறது. பட்டியலில் நம்மைத் திடுக்கிட வைப்பது ஒன்று உண்டு. பிணம் எரியும் தீ.

ஆம், மிகத் தூய தீயைச் செய்யச் சுடுகாட்டுத் தீயைத் தேடிப் போக வேண்டும். அங்கே அது த்ருஜின் பிடியில் இருக்கிறது. விட்டுவிட்டு வரக்கூடாது. வெந்திதாத், பிணத்தீயை மீட்டு உரிய இடம் சேர்ப்பவனுக்குப் பதினாயிரம் கொள்ளிகளைக் கொண்டுவந்து சேர்த்த பலன் என்கிறது. பக்கத்தில் எரியும் சாதாரணத் தீயைக் கொண்டுவந்தால் பத்துதான். எவ்வளவு ஆழமாகச் சிறைப்பட்டதோ அவ்வளவு பலன்.

எப்படி மீட்பது? இங்கே நுணுக்கம். அந்தத் தீயிலிருந்து கொள்ளியை எடுக்கக்கூடாது. நீண்ட பிடியுள்ள, துளையிட்ட உலோகக் கரண்டியில் காய்ந்த சந்தனச் சிராயும் பொடியும் வைத்து, தீக்கு மேலே தொடாமல் பிடிக்க வேண்டும். தீயின் நாக்கு படக்கூடாது, வெப்பம் மட்டும் ஏற வேண்டும். கொஞ்ச நேரத்தில் சிராய் தானாகப் பற்றும். அவசரப்பட்டுக் கரண்டியைத் தாழ்த்திச் சுடரைத் தொட விட்டால் அந்தச் சுற்று வீண். பற்றியது இப்போது புதுத் தீ. அதைத் தனியே வளர்த்து, அதன் மேலே இன்னொரு கரண்டி. அதிலிருந்து இன்னொன்று. பிணத்தீக்கு இப்படித் தொண்ணூற்றொரு முறை. மற்றத் தீகளுக்கு எண்ணிக்கை வேறு வேறு. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஓதல், கடைசியில் பதினாறையும் ஒன்றாகச் சேர்ப்பது. 32 பூசாரிகள் வேண்டும், ஓராண்டு வரை ஆகலாம்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வாருங்கள். எதைப் போட்டாலும் எரித்துத் தூய்மையாக்குவது தீயின் வேலை என்றால் இந்தத் தொண்ணூற்றொரு கரண்டி எதற்கு? தீ தன்னைத்தானே கழுவிக்கொள்ளாது. மனிதன்தான் கை வலிக்க, புகையில் கண் எரிய, கரண்டியை உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உண்மையும் அப்படித்தான் என்பது அவர்கள் எண்ணம் என்று நான் புரிந்துகொள்கிறேன். இது என் வாசிப்பு, பூசாரி சொன்னது இல்லை.

கும்பகோணம் ஆசாரி எழுதியது:

எங்கள் உலைத் தீயும் அந்தப் பதினாறில் ஒன்று என்று படித்ததும் எழுந்து பட்டறைக்குப் போய் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இத்தனை வருஷம் ஊதுகுழலால் ஊதித்தான் பிழைத்திருக்கிறேன் ஐயா. அது தப்பா?

பழஞ்சுவடி எழுதியது:

உங்களுக்கு அந்த விதி இல்லை ஆசாரியாரே. அவர்கள் உங்கள் உலையைத் தேடித்தான் வருகிறார்கள், உங்களைக் குறை சொல்ல வரவில்லை.

நிதானம் எழுதியது:

ஒரு சங்கடமான கேள்வி. 2024 அக்டோபரில் ரத்தன் டாடாவை வொர்லி மின்மயானத்தில்தானே தகனம் செய்தார்கள்? பார்சிப் பூசாரிகள் ஓதினார்கள் என்றும் செய்தியில் வந்தது. நீங்கள் சொல்கிற விதி எங்கே போயிற்று?

பழஞ்சுவடி எழுதியது:

மும்பைப் பார்சி வீடுகளில் இன்றும் சாப்பாட்டு மேசையில் சண்டை நடக்கும் விஷயம் இது. கால்நடைக்குப் போட்ட வலிமருந்தால் கழுகுகள் அழிந்தன. இறந்தவர் உடலைக் கழுகுகளுக்கு விடும் அமைதிக் கோபுரத்தில் உடல் வைத்தால் உண்ண ஆள் இல்லை. 2015-இல் வொர்லியில் தகனத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்காகப் பிரார்த்தனைக் கூடம் திறந்தார்கள். மின்மயானத்தில் சுடர் இல்லை, வெப்பம்தான் இருக்கிறது, ஆகவே தீ தீட்டாகாது என்று ஒரு தரப்பு. வெப்பமும் தீயின் உடல்தான் என்று மறு தரப்பு. கரண்டி வழக்கத்தை வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. அங்கே சுடரைத் தொடாமல் வெப்பத்தால் மட்டும் பிறந்ததைத்தான் தூய தீ என்று ஏற்கிறார்கள். அப்படியானால் வெப்பமும் தீயும் வேறு வேறா, ஒன்றா? இரண்டு தரப்பும் அதைத் தங்களுக்குச் சாதகமாகத் திருப்பலாம்.

செவ்வந்தி எழுதியது:

என் தோழி ஒருத்தி பார்சி. அவளுடைய பாட்டி மும்பையில் அமைதிக் கோபுரங்கள் இருக்கும் டூங்கர்வாடியில்தான் என்று பிடிவாதமாக இருந்தாராம், அம்மா மின்மயானம் போதும் என்கிறாராம். இரண்டு பேருமே தீயின்மேல் உள்ள மரியாதையால்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அவள் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. நாளைக்கு அவளைக் கூப்பிட்டுக் கரண்டியைப் பற்றிக் கேட்கப் போகிறேன்.

ராயபுரம் கடலோரம் எழுதியது:

இன்று சாயங்காலம் கோயில் பக்கம் போனேன். கேட் சாத்தியிருந்தது. மதிலைத் தொடவில்லை, ஓடவும் இல்லை. உள்ளேயிருந்து மணிச் சத்தம் கேட்டால் எத்தனை என்று எண்ணலாம் என்று அரை மணி நேரம் நின்றேன். கேட்கவில்லை. நேரம் தப்பாகப் போய்விட்டேன் போலிருக்கிறது. ஐந்து வேளை என்றீர்களே ஐயா, எந்தெந்த நேரம்?

பழஞ்சுவடி எழுதியது:

விடியலில் தொடங்குவது, நண்பகலில், பிற்பகலில், பொழுது சாய்ந்த பின், நள்ளிரவுக்குப் பின். மும்பையின் பெரிய கோயில்களில் ஐந்தும் நடக்கும். ராயபுரத்தில் எப்படி என்று காவலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள்.